பெருந்தளங்களை எட்டும் முன்னரே வெளிவரும் பதவி வெற்றிடங்கள்: தொழில்சார் மின்னஞ்சற் குழுக்களையும் உள்ளூர்ச் செய்திமடல்களையும் பயன்படுத்தும் முறை

இலண்டனில் வேலை தேடும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்களுட் பலர், பெரிய வேலைவாய்ப்புத் தளங்கள் இரண்டு மூன்றைத் தெரிந்துகொண்டு, நாள்தோறும் அவற்றையே பார்த்து வருகின்றனர். தாயகத்தில் கற்ற தொழிலுக்கு ஏற்ற பதவிகள் அங்கே அரிதாகவே தென்படுகின்றன. தென்படும்போதும் விண்ணப்ப முடிவுத் திகதிக்கு ஓரிரு நாட்களே எஞ்சியிருக்கின்றன. அவ்வாறான பதவிகள் இந்நாட்டில் இல்லை என்ற முடிவுக்கு வந்து, கிடைத்த வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழிப்போரும் உளர். பதவிகள் இருக்கின்றன. அவை முதலில் அறிவிக்கப்படும் இடங்கள்தாம் வேறு. அவ்விடங்களைக் கண்டறிவதற்கும் பயன்படுத்துவதற்கும் உரிய முறையை, நூலகத் துறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

1. ஒரு வெற்றிடம் வெளிவரும் வழி

ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் பணிபுரியும் உதவியாளர் ஒருவர் மகப்பேற்று விடுமுறையில் செல்கிறார் எனக் கொள்வோம். அவரிடத்தில் ஒன்பது மாதங்களுக்கு ஒருவரை அமர்த்த நூலக முகாமையாளர் அனுமதி பெறுகிறார். மனிதவளப் பிரிவு அந்த அறிவித்தலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இணையப் பக்கத்தில் இடுகிறது. அன்று பிற்பகலே முகாமையாளர் அதன் இணைப்பைத் தம் துறையினர் கூடும் மின்னஞ்சற் குழுவொன்றுக்குத் தாமே அனுப்பிவிடுகிறார். அதற்கு அவருக்குச் செலவு எதுவும் இல்லை. வாசிப்போரும் துறை அறிந்தவர்களாகவே இருப்பர்.

பெரிய தளங்களில் விளம்பரம் செய்வதற்குப் பெரும்பாலும் கட்டணம் உண்டு. ஒன்பது மாதப் பகுதிநேரப் பதவிக்கு அக்கட்டணத்தைச் செலுத்தப் பல நிறுவனங்கள் முன்வருவதில்லை. சில தளங்கள் நிறுவனப் பக்கங்களில் உள்ள அறிவித்தல்களைத் தாமாகவே திரட்டி வெளியிடுகின்றன. ஆயினும் அது சில நாட்கள் பிந்தி நிகழலாம், நிகழாமலும் போகலாம். ஆகவே குழு மடல் வழியாக வரும் செய்தி மறைபொருள் எதுவும் அன்று. யாவருக்கும் திறந்திருக்கும் ஒரு பதவியைச் சிலர் சில நாட்கள் முன்னதாக அறிகின்றனர் என்பதே உண்மை.

இந்த வேறுபாட்டை மனத்திற் கொள்வது நன்று. முன்னதாக அறிந்தவர் என்பதற்காக எவருக்கும் முன்னுரிமை கிடைப்பதில்லை. பொதுத்துறை நிறுவனங்களில் ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரே அளவுகோலால் புள்ளியிடப்படும். முன்னதாக அறிவதால் கிடைப்பது காலம் மட்டுமே. அக்காலத்தை எவ்வாறு செலவிடுவது என்பதிலேதான் பயன் தங்கியிருக்கிறது.

2. எடுத்துக்காட்டு: நூலகப் பணிக்குத் திரும்ப விரும்பும் ஒருவர்

இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா பெற்று, யாழ்ப்பாணத்தில் பாடசாலை நூலகமொன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய பெண்மணி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இலண்டனுக்கு வந்த பின் அவர் சுப்பர்மார்க்கெட் ஒன்றில் பணிபுரிகிறார். இந்நாட்டில் வேலை செய்யும் உரிமை அவருக்கு உண்டு. பெரிய தளமொன்றில் `librarian` என்று தட்டச்சுச் செய்து பார்த்தபோது அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் முதுகலைப் பட்டமும் பல்லாண்டு அனுபவமும் கோரும் உயர்பதவிகளே.

அவர் தேடிய சொல்லே முதல் தடை. இந்நாட்டில் நூலகப் பணிகள் பல பெயர்களில் அறிவிக்கப்படுகின்றன. கல்லூரிகளில் `Learning Resources` என்ற பெயரிலும், தேசிய சுகாதார சேவையின் மருத்துவமனைகளில் `Knowledge and Library Services` என்ற பெயரிலும், பல்கலைக்கழகங்களில் `Information Assistant`, `Metadata`, `E-resources` என்ற சொற்களுடனும் அவை வெளிவரும். தொழிலைச் செய்து பழகியவருக்கும் இப்பெயர்கள் தெரியாவிடில் தேடுபொறி எதையும் காட்டாது. இப்பெயர்களைக் கற்பதற்கு மிகச் சிறந்த இடம், அத்துறையினரின் குழுவில் சேர்ந்துள்ள பழைய மடல்களே.

3. பழைய மடல்களை முதலில் வாசித்தல்

பிரித்தானியாவில் உயர்கல்வி, ஆய்வுத் துறைகளைச் சார்ந்த மின்னஞ்சற் குழுக்களுட் பெரும்பாலானவை `www.jiscmail.ac.uk` என்னும் தளத்தில் இயங்குகின்றன. அங்கே நூலகத் துறைக்குரிய குழுக்களின் பெயர்கள் `LIS-` என்று தொடங்கும். `LIS-LINK` பொதுவான நூலகத் தகவற் பணிக்குரியது. `LIS-PUB-LIBS` பொது நூலகங்களுக்குரியது. `LIS-MEDICAL` மருத்துவ நூலகங்களுக்கும் `LIS-LAW` சட்ட நூலகங்களுக்கும் உரியவை.

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு முகப்புப் பக்கம் உண்டு. அனுப்பப்பட்ட மடல்கள் மாதவாரியாக அதில் அடுக்கப்பட்டிருக்கும். பல குழுக்களின் பழைய மடல்களை எவரும் வாசிக்கலாம். சிலவற்றை உறுப்பினரான பின்னரே வாசிக்க இயலும். மேற்கூறிய பெண்மணி முதலிற் செய்ய வேண்டியது, கடந்த பன்னிரண்டு மாத மடல்களுள் `vacancy`, `job`, `maternity cover`, `fixed term` ஆகிய சொற்களை ஒவ்வொன்றாகத் தேடுவதாகும். கிடைக்கும் அறிவித்தல்களுக்கு விண்ணப்பிக்க இயலாது. அவற்றின் காலம் கடந்துவிட்டது. ஆயினும் அவை ஒரு பாடநூலுக்கு நிகரானவை.

அவர் ஒரு பயிற்சிக் கொப்பியில் நான்கு நிரல்களை வரைந்துகொள்ளலாம். முதலாவதில் நிறுவனத்தின் வகை, இரண்டாவதில் பதவிப் பெயர், மூன்றாவதில் மடல் வந்த நாளுக்கும் முடிவுத் திகதிக்கும் இடைப்பட்ட நாட்கள், நான்காவதில் இன்றியமையாதனவெனக் கேட்கப்பட்ட தகுதிகள். இருபது அறிவித்தல்களை இவ்வாறு குறித்ததும் சில செய்திகள் தெளிவாகும். எவ்வகை நிறுவனங்கள் இக்குழுவைப் பயன்படுத்துகின்றன, தம் தகுதிக்கு ஏற்ற பதவிகள் எப்பெயரில் வருகின்றன, விண்ணப்பிக்க வழக்கமாக எத்தனை நாட்கள் கிடைக்கின்றன என்பன தெரியவரும். எந்தத் தகுதி மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டும் தம்மிடம் இல்லை என்பதும் தெரியவரும். இப்பெண்மணியின் நான்காம் நிரலில், நூலக முகாமைத்துவ மென்பொருள் ஒன்றில் அனுபவம் என்ற வரி பலமுறை வருகிறது என வைத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில் அவர் பயன்படுத்திய கோகா என்னும் மென்பொருள் இங்கும் பயன்படுத்தப்படுவதே. அதை இதுவரை எந்த விண்ணப்பத்திலும் அவர் குறிப்பிட்டதில்லை.

ஒரு குழு தமக்குப் பயன்படுமா என்பதையும் இவ்வாசிப்பே காட்டிவிடும். கடந்த மூன்று மாதங்களில் ஒரு வெற்றிட அறிவித்தல்கூட இல்லாத குழுவில் இணைவதால் மின்னஞ்சற் பெட்டி நிறையுமேயன்றி வேறு பயன் இல்லை. மாநாட்டு அழைப்புகளும் நூல் இரவற் கோரிக்கைகளும் மட்டுமே காணப்படும் குழுவை விட்டுவிடலாம்.

4. குழுவில் இணைதலும் மடல்களை ஒழுங்குபடுத்தலும்

இணைவதற்கு முகப்புப் பக்கத்திலுள்ள `Subscribe or Unsubscribe` என்பதைத் தெரிவுசெய்து பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் அளிக்கலாம். அல்லது `listserv@jiscmail.ac.uk` என்ற முகவரிக்கு, தலைப்பை வெறுமையாக விட்டு, பின்வரும் ஒற்றை வரியை மட்டும் அனுப்பலாம். இறுதி இரு சொற்களுக்குப் பதிலாகத் தம் பெயரை இடவேண்டும்.

```
SUBSCRIBE LIS-LINK Firstname Lastname
```

உறுதிப்படுத்தக் கோரும் மடல் ஒன்று திரும்பி வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினாலன்றி இணைப்பு நிறைவுறாது. பலர் இம்மடலைக் காணாமலே காத்திருக்கின்றனர். சில மணி நேரத்தில் வராவிடில் குப்பை மடற் பெட்டியைப் பார்க்க வேண்டும். குழுவிலிருந்து விலக, `SIGNOFF LIS-LINK` என்ற வரியை அதே முகவரிக்கு அனுப்பினாற் போதும்.

நாளொன்றின் மடல்களை ஒரே தொகுப்பாகப் பெறும் வசதியும் உண்டு. மடல்கள் மிகுதியாக வரும் குழுவுக்கு அது ஏற்றது. ஆயினும் தொகுப்பின் தலைப்பில் வெற்றிடம் என்ற சொல் இராது. ஆதலால் வேலை தேடும் காலத்தில் தனித்தனி மடல்களாகவே பெற்று, மேலே கூறிய தேடற்சொற்கள் தலைப்பில் உள்ளவற்றைத் தனிக் கோப்புறைக்கு அனுப்புமாறு மின்னஞ்சற் பெட்டியில் வடிகட்டி ஒன்றை அமைத்துக்கொள்வது சிறந்தது. பின்னர் நாளுக்கு ஒருமுறை அக்கோப்புறையை மட்டும் பார்த்தாற் போதும்.

இங்கே இரு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, தற்போதைய பணியிட மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்து இணைவது. அப்பணி முடிவுறும் நாளில் முகவரியும் முடிந்துவிடும். அதுவரை அவர் வேறு வேலை தேடுவது பணியிடக் கணினியில் பதிவாகிக்கொண்டிருக்கும். இரண்டாவது, அறிவித்தல் மடலுக்கு நேரடியாகப் பதில் எழுதுவது. சில குழுக்களில் பதில் மடல் அனுப்பியவருக்கு மட்டுமன்றி உறுப்பினர் அனைவருக்கும் சென்றுவிடும். தம் தன்விவரக் கோவை ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைவதை எவரும் விரும்பார். பதில் எழுத வேண்டியிருப்பின், மடலின் உள்ளே தரப்பட்டுள்ள தொடர்பு முகவரியைப் புதிய மடலொன்றில் இட்டு எழுதவேண்டும்.

5. மடல் வந்த பின்: பன்னிரண்டு நாட்கள்

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் மடல் ஒன்று வருகிறது. பல்கலைக்கழகமொன்றின் சுகாதார வளாக நூலகத்தில் உதவியாளர் தேவை. வாரத்துக்கு 21 மணி நேரம், மகப்பேற்று விடுமுறைக்கான ஒன்பது மாதப் பதிலீடு. முடிவுத் திகதி அடுத்த வாரத்து ஞாயிறு நள்ளிரவு. பெண்மணியிடம் பன்னிரண்டு நாட்கள் உள்ளன. இதே பதவியைப் பெருந்தளம் ஒன்றில் அடுத்த திங்கட்கிழமை காண்பவரிடம் ஆறு நாட்களே இருக்கும். போதிய விண்ணப்பங்கள் கிடைத்தால் முன்னதாகவே முடிவுறும் என்ற வரி அறிவித்தலில் இருப்பின், அந்த ஆறு நாட்களும் உறுதியல்ல.

முதல் நாளில் அவர் மடலிலுள்ள இணைப்பின் வழியே பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்துக்குச் சென்று, பதவி விளக்கம், தகுதி விவரம் ஆகிய இரு ஆவணங்களையும் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். முடிவுத் திகதிக்குப் பின் அவை நீக்கப்படுவது வழக்கம். நேர்முகத்துக்கு அழைக்கப்படும்போது அவை கையில் இல்லாவிடில் இடர்ப்பட நேரிடும்.

இரண்டாவது ஆவணமே விண்ணப்பத்தின் திறவுகோல். அதில் தகுதிகள் இன்றியமையாதவை, விரும்பத்தக்கவை என இரு வகையாகப் பிரிக்கப்பட்டிருக்கும். தெரிவுக் குழுவினர் அவ்வரிசையை வைத்துக்கொண்டே விண்ணப்பங்களை வாசிப்பர். ஒரு தகுதி விண்ணப்பதாரரிடம் இருந்தும் எழுதப்படாவிடில், அது இல்லை என்றே கொள்ளப்படும். ஆதலால் ஆதரவுக் கூற்றை அந்த வரிசையிலேயே, ஒவ்வொரு தகுதிக்கும் ஒரு சிறு பத்தியாக எழுத வேண்டும். வாசகருக்கு உதவிய அனுபவம் என்று கேட்கப்பட்டிருப்பின், தமக்கு அவ்வனுபவம் உண்டு என்று எழுதி நிறுத்துவது போதாது. எந்த நூலகத்தில், யாருக்கு, என்ன செய்தார், அதனால் என்ன விளைந்தது என்பதை நான்கைந்து வரிகளில் கூறவேண்டும். ஆறு நாட்களில் இதை நன்றாக எழுதுவது கடினம். பன்னிரண்டு நாட்களில் ஒருமுறை எழுதி, இரு நாட்கள் ஆறவிட்டு, வேறொருவரிடம் வாசிக்கக் கொடுத்துத் திருத்தவும் இயலும்.

6. தொலைபேசி அழைப்பு சிபாரிசு ஆகாது

அறிவித்தலின் இறுதியில், பதவி பற்றி முறைசாராத வகையில் உரையாட விரும்புவோர் இன்னாரைத் தொடர்புகொள்ளலாம் என்ற வரி பெரும்பாலும் காணப்படும். தமிழ் விண்ணப்பதாரர் பலர் இவ்வரியைக் கடந்து சென்றுவிடுகின்றனர். பதவிக்குப் பொறுப்பானவரை முன்கூட்டியே அழைத்துப் பேசுவது சிபாரிசு தேடுவது போலத் தோன்றுகிறது. அல்லது அவருக்குத் தொந்தரவாகிவிடும் என்ற தயக்கம் எழுகிறது. இந்நாட்டு வழக்கில் இவ்வரி உண்மையான அழைப்பு. அதை ஏற்று அழைப்பது குறையாகவோ தகுதியாகவோ கணக்கிடப்படுவதில்லை. ஆனால் அழைத்தவர் பெறும் தகவல் விண்ணப்பத்தைக் கூர்மையாக்கும்.

உரையாடல் பத்து நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. முதல் மூன்று மாதங்களில் இப்பதவியில் இருப்பவர் முதன்மையாகச் செய்யவேண்டிய பணி யாது? எந்த நூலக மென்பொருள் பயன்படுத்தப்படுகிறது? 21 மணி நேரம் எந்த நாட்களில் அமையும், மாலை அல்லது சனிக்கிழமைப் பணி உண்டா? இம்மூன்றும் போதும். மேற்கூறிய பெண்மணி வியாழக்கிழமை அழைத்துப் பேசுகிறார். வளாகத்தில் தாதியர் கல்வி மாணவர் மிகுதி என்றும், அவர்கள் மாலை நேரத்தில் தரவுத்தளத் தேடலுக்கு உதவி கேட்பர் என்றும் அறிகிறார். தம் கூற்றில் பாடசாலை மாணவருக்குத் தேடற்பயிற்சி அளித்த அனுபவத்தை முதலிடத்துக்குக் கொண்டுவருகிறார்.

கேட்கக் கூடாதவையும் உள. எத்தனை பேர் விண்ணப்பித்துள்ளனர், தமக்கு வாய்ப்பு உண்டா, விண்ணப்பத்தை முன்னரே பார்த்துத் தர இயலுமா என்பன அவை. இவற்றுக்கு அவர் விடையளித்தல் முறையாகாது.

இந்த எடுத்துக்காட்டில் பெண்மணி நேர்முகத்துக்கு அழைக்கப்படுகிறார், தெரிவாகவில்லை எனக் கொள்வோம். இங்கேயும் ஒரு படி எஞ்சியிருக்கிறது. நேர்முகத்துக்குச் சென்றவர் பின்னூட்டம் கேட்கலாம். பெரும்பாலான பொதுத்துறை நிறுவனங்கள் அதைத் தருகின்றன. அனுபவம் போதுமானதே, ஆயினும் மின்னிதழ்களை அணுகுவதில் ஏற்படும் சிக்கல்களைத் தீர்த்த எடுத்துக்காட்டு எதுவும் கூறப்படவில்லை என்ற பின்னூட்டம் அவருக்குக் கிடைக்கிறது. அடுத்த மடல் வருமுன் எதைக் கற்க வேண்டும் என்பது இப்போது அவருக்குத் தெரியும்.

இவ்வாறு வரும் பதவிகளுட் பல குறித்த காலத்துக்கானவை என்பதால் அவற்றைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. நிலையான தவணை ஊழியர் தொடர்பாக 2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒழுங்குவிதிகளின்படி, தக்க காரணமின்றி அவர்களை நிரந்தர ஊழியரினும் குறைவாக நடத்தக் கூடாது. விடுமுறை, ஊதியம், பயிற்சி ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். நிறுவனத்தின் உள்ளே இருப்போருக்கு மட்டும் அறிவிக்கப்படும் பதவிகளுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பும் ஒப்பந்தக் காலத்தில் அவர்களுக்குக் கிடைக்கும்.

7. உள்ளூர்ச் செய்திமடல்கள்

தொழில்சார் குழுக்கள் ஒரு துறையை நாடு முழுவதும் இணைக்கின்றன. உள்ளூர்ச் செய்திமடல்கள் ஒரு பகுதியின் எல்லாத் துறைகளையும் இணைக்கின்றன. இலண்டன் நகரப் பிரிவுகள் பலவற்றில் தன்னார்வ நிறுவனங்களுக்கு உதவும் நடுவமைப்பு ஒன்று இயங்குகிறது. அது வாரந்தோறும் அல்லது மாதந்தோறும் மின்னஞ்சல் வழியே செய்திமடல் வெளியிடும். மானியச் செய்திகளுக்கும் கூட்ட அறிவித்தல்களுக்கும் கீழே வெற்றிடங்கள் என்ற பகுதி இருக்கும்.

சிறிய அறநிறுவனங்கள் முதலில் நாடும் இடம் இதுவே. முதியோர் பகற்பொழுது நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர், ஆலோசனை நிலையத்தின் வரவேற்பாளர், தமிழ் பேசும் குடும்பங்களைச் சந்தித்து உதவும் களப்பணியாளர் போன்ற பதவிகளுக்கு அப்பகுதியை அறிந்தவரே தேவை. தமிழ் மொழி அறிவு இன்றியமையாத தகுதியாகக் கேட்கப்படும் பதவிகளும் இங்கேதான் பெரும்பாலும் தோன்றும். பெருந்தளத்தில் விளம்பரம் செய்தால் தொலைவிலிருந்து நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் வந்து குவியும். அவற்றை வாசிக்க மூன்று பேர் பணிபுரியும் ஒரு நிறுவனத்துக்கு இயலாது.

இச்செய்திமடலைப் பெறத் தாம் வாழும் நகரப் பிரிவின் பெயருடன் `voluntary sector newsletter` என்ற சொற்களைச் சேர்த்துத் தேடினாற் போதும். அண்மையில் உள்ள நூலகத்திலும் கேட்டறியலாம். இப்பதவிகள் பல மானியக் காலத்துடன் பிணைந்தவை. ஆதலால் மானியம் எப்போது முடிவடைகிறது என்பதை நேர்முகத்திற் கேட்பது முறையான கேள்வியே.

8. வட்ஸ்அப் குழுக்களும் சட்டமும்

தமிழ்ப் பாடசாலைப் பெற்றோர், ஆலயத் தொண்டர், ஊர்ச் சங்கத்தினர் ஆகியோரின் வட்ஸ்அப் குழுக்களிலும் வேலைச் செய்திகள் பகிரப்படுகின்றன. இவற்றுட் சில மிகப் பயனுள்ளவை. சில பழையவை. சில மோசடி. மூன்றையும் பிரித்தறிய ஒரே வினா போதும்: இதே அறிவித்தல் நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் உள்ளதா? பகிரப்பட்ட படத்திலுள்ள இணைப்பை அழுத்தாமல், நிறுவனத்தின் பெயரைத் தாமே தட்டச்சுச் செய்து அப்பக்கத்தை அடைந்து பார்க்க வேண்டும். அங்கே இருந்தால் முடிவுத் திகதியும் குறிப்பு எண்ணும் கிடைத்துவிடும். சிறு கடை அல்லது உணவகம் போன்று இணையப் பக்கம் இல்லாத இடமாயின், நேரிற் சென்றோ அறியப்பட்ட தொலைபேசி எண்ணிலோ விசாரிக்க வேண்டும்.

நிறுவனத்தின் உள்ளே பணிபுரியும் ஒருவர் நல்லெண்ணத்தோடு உள்ளக அறிவித்தலை வெளியே பகிர்வதும் உண்டு. `internal applicants only`, `ring-fenced` என்ற சொற்கள் இருப்பின் வெளியார் விண்ணப்பிக்க இயலாது. அதைத் தெரியாமல் விண்ணப்பித்து, பகிர்ந்தவரின் பெயரையும் குறிப்பிட்டால், அவருக்குப் பணியிடத்தில் சங்கடம் ஏற்படலாம்.

வேலை பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்கப்படும்போது சட்டம் தெளிவாக உள்ளது. 1973ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு முகவர் நிலையச் சட்டத்தின்படி, வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடமிருந்து முகவர் கட்டணம் பெறுவது குற்றமாகும். கலை நிகழ்ச்சி, மாடலிங் போன்ற சில துறைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. தன்விவரக் கோவை தயாரித்தல், பயிற்சி போன்ற சேவைகளுக்கு முகவர் கட்டணம் கேட்கலாம். ஆனால் அவற்றை வாங்கினால்தான் வேலை தேடித் தருவேன் என்று நிபந்தனை விதிக்கக் கூடாது. பதிவுக் கட்டணம், பின்னணிச் சோதனைக் கட்டணம், பயிற்சி வைப்புப் பணம் என எப்பெயரில் கேட்கப்பட்டாலும், வேலை உறுதியாகும் முன் ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புமாறு கூறும் செய்தியை அவ்விடத்திலேயே கைவிட வேண்டும். நேர்முகத்துக்கு முன்னரே கடவுச்சீட்டின் படத்தையும் வங்கி விவரங்களையும் வட்ஸ்அப்பில் கேட்பதும் அத்தகையதே. ஐயமுற்றோர் ஏகாஸ் அமைப்பின் 0300 123 1100 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸ் நிலையத்தையும் நாடலாம்.

9. பிற தொழில்களுக்கு இம்முறையைப் பொருத்துதல்

நூலகத்துக்குக் கூறப்பட்டது மற்றத் துறைகளுக்கும் சிற்சில மாற்றங்களுடன் பொருந்தும். புள்ளியியல் கற்றவருக்கு `ALLSTAT` என்ற குழு அதே தளத்தில் உண்டு. ஆவணக் காப்பகப் பணியினர் `ARCHIVES-NRA` குழுவில் கூடுகின்றனர். பிற துறையினர் தம் தொழிற்சங்கம் அல்லது பட்டயக் கழகத்திலிருந்து தொடங்கலாம். நூலகத் துறைக்குச் சிலிப் இருப்பது போல ஏறத்தாழ ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கழகம் உண்டு. அதன் கீழ்ச் சிறப்புத் துறைக் குழுக்களும் வட்டாரக் கிளைகளும் இயங்கும். வெற்றிடங்கள் முதலில் உலவுவது பெரும்பாலும் கழகத்தின் பெரிய பக்கத்தில் அன்று, இச்சிறு குழுக்களின் செய்திமடல்களில்தான். அவற்றுட் சிலவற்றை உறுப்பினரல்லாதோரும் பெறலாம். கட்டணம் செலுத்தி உறுப்பினராகும் முன், வேலையற்றோருக்கும் புதிதாக வந்தோருக்கும் சலுகை உண்டா என்று எழுதிக் கேட்பது நன்று.

உரிய குழு எதுவெனத் தெரியாவிடில், தாம் விரும்பும் பதவியில் தற்போது பணிபுரியும் ஒருவரிடம் ஒரேயொரு வினா கேட்கலாம்: தங்கள் பிரிவில் கடைசியாக வந்த வெற்றிடத்தைத் தாங்கள் எங்கே அறிவித்தீர்கள்? வேலை தருமாறு கேட்டால் அவர் தயங்கக்கூடும். இவ்வினாவுக்குப் பெரும்பாலோர் மகிழ்வுடன் விடையளிப்பர்.

10. பயிற்சி

இப்பாடத்தை வாசித்தவர் அடுத்த இரு வாரங்களில் பின்வருவனவற்றைச் செய்து பார்க்கலாம்.

அ. தம் தொழிலுக்குரிய குழு ஒன்றையும், தாம் வாழும் பகுதியின் தன்னார்வத் துறைச் செய்திமடல் ஒன்றையும் கண்டறிதல்.

ஆ. அவற்றின் பழைய வெளியீடுகளிலிருந்து இருபது அறிவித்தல்களை நான்கு நிரல்களில் குறித்தல்.

இ. அடிக்கடி வரும் மூன்று பதவிப் பெயர்களையும், அடிக்கடி கேட்கப்படும் மூன்று தகுதிகளையும் தனியே எழுதுதல்.

ஈ. அம்மூன்று தகுதிகளுக்கும் தம் அனுபவத்திலிருந்து ஒவ்வொரு பத்தி எழுதி வைத்தல்.

நான்காவதை முடித்தவர், அடுத்த செவ்வாய்க்கிழமை மடல் ஒன்று வரும்போது வெறுந்தாளுடன் தொடங்க வேண்டியிராது. கணினி வசதி இல்லாதோர் கிளை நூலகங்களில் கணினியைப் பயன்படுத்தலாம். எழுதிய கூற்றை வாசித்துத் திருத்த உதவி தேவைப்படுவோர், வேலை தேடுவோருக்கான உதவி அமர்வுகள் எந்நாளில் நடைபெறுகின்றன என்பதை நூலக வரவேற்பு மேசையில் கேட்டறியலாம்.